கல்யாண மேடையில் ஓர் ஆந்தை

மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்னும் அந்த ஒரு வரி என்னை விடவில்லை. பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண மண்டபம். எங்கள் அலுவலகத்துத் தமிழ்ப் பையன் ஒருவனுக்கு வரவேற்பு. அந்தப் பெண்ணைப் பல வருடம் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு, கிடைக்கமாட்டாள் என்றே முடிவுகட்டி, கடைசியில் அவளே சம்மதம் சொல்லிக் கல்யாணம் வரை வந்த கதை அவனுடையது. எங்களோடு வேலை செய்யும் மலாய்க்காரர் ஒருவர், எல்லாரும் அபாங் என்று கூப்பிடுகிற மூத்தவர், கித்தார் நன்றாக வாசிப்பார். அவன் கதையையே வைத்து மலாயில் ஒரு காதல் பாட்டு எழுதி மெட்டும் போட்டுவிட்டார். அதுதான் அவர் தரும் கல்யாணப் பரிசு. அவர் ஒரு கண்ணி மலாயில் பாட வேண்டியது, மாப்பிள்ளையின் தங்கை அதே கண்ணியைத் தமிழில் பாட வேண்டியது என்று ஏற்பாடு. தமிழாக்குகிற வேலை என்னிடம் வந்தது.

பாட்டின் மையமான வரி, ‘பாகாய் புங்குக் ரிண்டுகான் பூலான்.’ மலாய் தெரிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அது பழமொழி. நிலவுக்காக ஏங்கும் புங்குக் பறவையைப் போல என்று பொருள். புங்குக் என்றால் என்ன என்று அகராதியைப் புரட்டினேன், ஆந்தை வகை என்று இருந்தது. மெட்டில் அந்த வரிக்கு ஒன்பது அசைப்பு. நான் எழுதியது, ‘நிலவுக் கேங்கும் ஆந்தை போல.’ விரல் விட்டு எண்ணினேன், அதுவும் ஒன்பது. சொல்லுக்குச் சொல் சரி, மெட்டுக்கும் சரி. ஒரே மூச்சில் உட்கார்ந்துவிட்ட வரி என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தங்கை நல்ல குரலில் பாடினாள். ‘ஆந்தை’ என்ற சொல் ஒலிபெருக்கியில் வந்ததும் முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் பாட்டி கையில் இருந்த குங்குமச்சிமிழை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தோட்டத்தில் பால் மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய மனுஷி. எதுவும் பேசவில்லை. பல்லவி திரும்ப வந்தது, ஆந்தையும் திரும்ப வந்தது. மூன்றாவது முறை பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாட்டு முடிந்ததும் பாட்டி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா மேடைக்கு ஆந்தையக் கூப்பிட்டு உட்கார வைக்கிறியே, இது அடுக்குமா?” குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் அது இன்னும் ஆழமாகப் போனது.

அங்கிருந்து நேரே அபாங்கிடம் போனேன். முதல் கண்ணிக்குக் கிடைத்த கைதட்டலோடு ஒப்பிட்டால் தமிழ்ப் பல்லவிக்கு மண்டபம் ஏன் அமைதியானது என்று அவரும் குழம்பிப்போய் நின்றார். தமிழ் வீடுகளில் ஆந்தை அலறினால் சாவு வரும் என்று சொல்வார்கள், அதுதான் பிரச்சினை என்றேன். அவர் சொன்ன பதில் என் காதில் இன்னும் இருக்கிறது. “எங்கள் வீட்டிலும்தான். அதன் பெயரே பூரோங் ஹந்து, பேய்ப் பறவை. ஆனால் நான் அதையா எழுதினேன்? புங்குக் வேறு.”

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. மலாயில் ஆந்தைக்குப் பொதுவாகச் சொல்லும் பெயரிலேயே பேய் இருக்கிறது. நம்மைப் போலவே அவர்களும் அதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள். ஆனால் புங்குக் என்றதும் ஒரு மலாய்க்காரருக்கு நினைவில் எழுவது அந்தப் பேய்ப் பறவை அல்ல, பட்டுப்போன கிளையில் தனியாக உட்கார்ந்து நிலவைப் பார்த்து இரவெல்லாம் முனகும் ஒரு சின்ன உயிர். பறவை நூல் இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைக்கலாம். பாட்டு கேட்பவர் மனதில் அவை இரண்டு வேறு பிறவிகள். அகராதி அந்த இரண்டையும் ‘ஆந்தை’ என்ற ஒரே கூட்டில் அடைத்தது, நான் அதை அப்படியே மேடைக்கு எடுத்துப்போனேன். பறவையைச் சரியாக மொழிபெயர்த்துவிட்டேன். அந்தப் பறவை பாட்டில் என்ன வேலை செய்கிறது என்பதைத் தொடவே இல்லை.

படிமத்துக்கு என்ன வேலை?

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு தாளை எடுத்து, அந்த மலாய் வரியில் பறவையையும் நிலவையும் அடித்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று எழுதிப்பார்த்தேன். ஒருவர் கீழே, ஒருவர் மேலே. கீழே இருப்பவருக்கு மேலே போக வழியே இல்லை. மேலே இருப்பவருக்குக் கீழே ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது தெரியாது, அதனால் அவர்மேல் குற்றமும் இல்லை. கீழே இருப்பவர் கோபப்படவில்லை, கேட்கவும் இல்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறார். இரவு. தனிமை. கேட்பவருக்கு அவர்மேல் பரிவு வர வேண்டும், கேலி வரக்கூடாது. இவ்வளவு வேலையையும் அந்த ஒரு பறவை செய்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. கேட்டவுடனே புரிந்துவிடுகிறது. ஏனென்றால் அது அபாங் கண்டுபிடித்த உவமை அல்ல, ஊரில் எல்லார் வாயிலும் புழங்கிய உவமை.

இந்தக் கடைசி விஷயம்தான் பாட்டை மொழிபெயர்ப்பதையும் கவிதையை மொழிபெயர்ப்பதையும் பிரிக்கிறது. அதே வரியை ஒரு புத்தகத்தில் தமிழாக்கியிருந்தால் புங்குக் என்ற பெயரை அப்படியே வைத்து, கீழே இரண்டு வரியில் அது என்ன பறவை என்று சொல்லியிருப்பேன். வாசிப்பவர் நின்று, அடிக்குறிப்பைப் பார்த்துவிட்டு, திரும்பி வரலாம். பாட்டில் அந்த வரி சில நொடியில் கடந்துபோய்விடும். அதற்குள் படிமம் விரியாவிட்டால் விரியவே விரியாது. அதைவிட மோசம், தப்பான படிமம் விரிந்துவிட்டால் அடுத்த மூன்று வரிகளும் அதன் நிழலில்தான் கேட்கும். மண்டபத்தில் நடந்தது அதுதான்.

ஆகவே தமிழில் அதே வேலையைச் செய்யக்கூடியது எது என்று தேட ஆரம்பித்தேன். இதில் எனக்குக் கிடைத்த பாடமெல்லாம் நான் ஒதுக்கிய படிமங்களிடமிருந்துதான்.

முதலில் கைக்கு வந்தது சகோரம். நிலவொளியைக் குடித்து வாழும் பறவை என்று சொல்வார்கள். பறவையும் இருக்கிறது, நிலவும் இருக்கிறது, ஒன்றுக்கு ஒன்று அச்சாகப் பொருந்துகிறது என்று பட்டது. ஆனால் நன்றாக யோசித்தால் சகோரத்துக்கு நிலவு கிடைத்துவிடுகிறது, அது குடித்துப் பசியாறுகிறது. நம் பாட்டில் பறவை பட்டினி. தவிர, அந்த மண்டபத்தில் இருந்த எத்தனை பேருக்குச் சகோரம் தெரியும்? மலாய் வரியை மீன் சந்தையில்கூடச் சொல்லலாம், சகோரத்தை அங்கே சொல்ல முடியாது. ஊர் வாயில் புழங்குவதை எடுத்துவிட்டு ஏட்டில் மட்டும் இருப்பதை வைத்தால், பாட்டு சட்டென்று மாப்பிள்ளையின் குரலை விட்டுப் புலவர் குரலுக்குப் போய்விடும்.

அப்புறம் அன்றில். இணையைப் பிரிந்தால் உயிர் தரிக்காத பறவை. கேட்க அழகு, ஆனால் அன்றில் இரண்டும் ஒன்றையொன்று விரும்புபவை. ஒருதலைக் காதலுக்கு அதைச் சொன்னால் பெண்ணும் முதலிலிருந்தே இவனை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று கதையே மாறிவிடும். இலவு காத்த கிளி என்றால் காத்திருப்பு கிடைக்கிறது, கூடவே ஏமாற்றமும் வந்து உட்காருகிறது. பழம் என்று நம்பினால் பஞ்சு வெடித்துப் பறக்கும். மணப்பெண்ணைப் பஞ்சு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? குளத்து ஆம்பலும் வான நிலவும் கிட்டத்தட்டப் பொருந்தியது. தூரம் இருக்கிறது, இரவு இருக்கிறது. ஆனால் நிலவு வந்ததும் ஆம்பல் மலர்ந்துவிடுகிறது. அது உறவின் படிமம், ஏக்கத்தின் படிமம் அல்ல. பிறகு, பூ என்றால் நம் பாட்டு மரபில் பெண், இங்கே ஏங்குபவனோ ஆண்.

முடவன் பார்த்த தேன்

என்னை அதிகம் அலைக்கழித்தது கொம்புத்தேன். ‘முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டது போல’ என்பது நமக்குப் பழகிய பழமொழி. கீழே ஒருவன், மேலே எட்டாத ஒன்று, போக வழியில்லை. வேலை ஒப்பந்தம் அப்படியே பொருந்துகிறது. அதைவிட, குறுந்தொகையின் 60ஆம் பாட்டில் பரணர் இதே காட்சியைக் காதலுக்கே வைத்திருக்கிறார். உயர்ந்த மலையில் பெரிய தேனடை. அதைப் பார்த்த முடவன் ஒருவன் கீழே உட்கார்ந்தபடியே உள்ளங்கையைச் சின்னக் குடையாகக் குவித்து, மேலே சுட்டிக்காட்டி, கையை நக்கிக்கொள்கிறான். அதுபோல, காதலர் அன்பு தராவிட்டாலும், விரும்பாவிட்டாலும், அவரைப் பலமுறை பார்ப்பதே என் மனதுக்கு இனிது என்கிறாள் தலைவி. அந்த வெறும் கையை நக்கும் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். புங்குக்கின் ஏக்கத்தை இதைவிட நெருக்கமாகச் சொல்லும் வரி தமிழில் எனக்குத் தெரியாது. அது நிலவைப் பார்ப்பதோடு நிற்கிறது, இது பார்ப்பதிலேயே இனிப்பைக் கண்டுவிடுகிறது.

ஆனாலும் அதை எடுக்கவில்லை. பரணர் பாட்டில் அந்தப் பெண் தன்னைத் தானே அப்படிச் சொல்லிக்கொள்கிறாள், அதில் கேலியே இல்லை. காலப்போக்கில் அதே படிமம் பழமொழியாகி, அடுத்தவனைப் பார்த்து ‘உனக்கெல்லாம் இது கேக்குதா’ என்று குத்துகிற சொல்லாகிவிட்டது. இன்றைக்கு மேடையில் அதைப் பாடினால் பரணர் காதில் விழமாட்டார், குத்தல்தான் விழும். உடல் ஊனத்தை வைத்து ஒருவனின் தகுதியின்மையைச் சொல்வதும் இன்று யார் காதுக்கும் நல்லதாகப் படாது, எனக்கும் படவில்லை. ஒரு படிமம் மூல மொழியில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பது பாதி வேலைதான். நம் மொழியில் அந்த இடத்துக்கு வருகிற படிமம் ஏற்கெனவே எங்கெங்கே கூலிக்குப் போய் என்ன பெயர் வாங்கியிருக்கிறது என்று பார்ப்பது மறுபாதி. ஆந்தைக்குச் சாவுப் பெயர், கொம்புத்தேனுக்கு ஏளனப் பெயர்.

விடை கிடைத்தது எதிர்வீட்டில். சாயங்காலம், அந்த வீட்டுப் பெண் ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவில் நிலா. பிள்ளை வாயில் சோற்றோடு இரண்டு கையையும் மேலே நீட்டி, விரலை மடக்கி மடக்கி ‘வா வா’ என்கிறது. நிலா வரவில்லை, பிள்ளைக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை, மறுபடி கூப்பிடுகிறது.

தூரம் இருக்கிறது. போக வழியில்லை. நிலவின்மேல் குற்றம் இல்லை. பார்ப்பவருக்குப் பரிவு வருகிறது, கேலி வரவில்லை. இரவு இருக்கிறது. தமிழ் பேசும் வீட்டில் இந்தக் காட்சி தெரியாதவர் யாருமில்லை. நிலாச்சோறு எல்லாருக்கும் ஊட்டப்பட்டதுதான், பிள்ளைத்தமிழில் அம்புலியை விளையாட அழைப்பதற்கென்றே ஒரு பருவம் வைத்த மொழி இது. நிலவை அப்படியே விட்டுவிட்டேன், கீழே இருந்து பார்ப்பவரை மட்டும் மாற்றினேன்: ‘நிலாக் கேட்டழுத பிள்ளை நான்.’

எண்ணிப்பார்த்தேன், நி-லாக்-கேட்-ட-ழு-த-பிள்-ளை-நான், ஒன்பது. இதில் இன்னொரு லாபமும் இருந்தது. மலாய் வரி ‘பூலான்’ என்று முடிகிறது, மெட்டில் கடைசி ஸ்வரம்தான் நீளமாக நிற்கும். என் பழைய வரி ‘போல’ என்று குறிலில் முடிந்ததால் தங்கை அந்த இடத்தில் ‘போலா…’ என்று இழுத்து, சொல்லைக் கொஞ்சம் கெடுத்துத்தான் பாட வேண்டியிருந்தது. ‘நான்’ நெடில், இழுக்க இழுக்க இடம் கொடுக்கும், னகரத்தில் மூடுவதும் மலாய் வரியோடு ஒத்துப்போகிறது. பாட்டுக்குப் படிமம் தேர்ந்தெடுக்கும்போது நீண்ட ஸ்வரங்களை முதலில் குறித்துக்கொண்டு, அங்கே நெடில் விழுகிறதா என்று பார்ப்பதை இப்போது பழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு அழகான படிமமும் பாடுகிறவர் வாயில் நெளிந்தால் நிற்காது.

ஈரலில் பழுத்த கனி

அதே பாட்டில் இன்னொரு இடத்தில் எனக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை, ஆனால் ஏன் வரவில்லை என்பதைப் பிறகுதான் யோசித்தேன். காதலியை அபாங் ‘பூவா ஹாத்தி’ என்று கூப்பிடுகிறார். பூவா என்றால் பழம். ஹாத்தி என்பது உடலில் ஈரல், மனதைச் சொல்லும் சொல்லும் அதுவே. சொல்லுக்குச் சொல் போட்டால் ‘ஈரல் கனியே’ என்று வரும். நமக்கு ஈரல் என்றால் கறிக்கடை. பேச்சிலும் ஈரலுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம், அது பயம். ‘ஈரக்குலை நடுங்கிப்போச்சு’ என்போம். மலாயில் அன்பு குடியிருக்கும் அறையில் தமிழில் அச்சம் குடியிருக்கிறது. ஆகவே ஹாத்தியை உறுப்பாக நினைத்து மொழிபெயர்ப்பது ஆந்தையைவிடப் பெரிய விபத்தாக முடிந்திருக்கும்.

‘இதயக் கனி’ என்று போடலாமே என்று தோன்றும். உறுப்பை மாற்றிவிட்டுக் கனியை வைத்துக்கொள்ளும் சமரசம். எனக்கு அது சரிப்படவில்லை. மலாய்க்காரர் பூவா ஹாத்தி என்று சொல்லும்போது பழம் எதுவும் கண்முன் வருவதில்லை. வீட்டை எண்ணினாலும் காரை எண்ணினாலும் கூடவே வருகிற சொல் ‘பூவா’, அந்த அளவுக்கு இலேசாகப் போன சொல். இது தூங்குகிற படிமம். தூங்குகிறதை எழுப்பி, இதயத்தில் கனி தொங்குகிற காட்சியாக்கினால், மூலத்தில் இல்லாத ஒரு பகட்டு தமிழில் வந்துவிடும். தூங்குகிற படிமத்துக்குத் தமிழில் தூங்குகிற படிமமே மாற்று. நான் போட்டது ‘கண்ணே’. அதிலும் ஓர் உறுப்பு இருக்கிறது, ஆனால் கூப்பிடும்போது யாரும் விழியை நினைப்பதில்லை. இன்னொரு பொருத்தம், பூவா ஹாத்தியைக் காதலிக்கும் சொல்லலாம், பெற்ற பிள்ளைக்கும் சொல்லலாம். கண்ணேவும் அப்படித்தான். புழங்கும் இடங்கள் ஒன்றாக இருந்தால் அந்த மாற்று நிலைக்கும்.

திருப்பிப் போனாலும் இதே கதைதான். ‘கண்’ணை மலாய்க்குக் கொண்டுபோய் ‘மாத்தா’ என்று வைத்தால், அதை இரட்டித்துச் சொல்லும்போது உளவாளி, போலீஸ் என்றாகிவிடும். தோட்டத்துத் தமிழில் அந்தக் காலத்தில் போலீஸ்காரரை மாத்தா என்றே சொல்வார்கள். கண்ணே என்று கொஞ்சப் போய் ஸ்டேஷனில் முடியும்.

பாக்கை இரண்டாகப் பிளந்தால்

மூன்றாவது கண்ணியில் மணமக்களைப் பற்றி ‘பீனாங் டிபெலா டூவா’ என்று ஒரு வரி. இரண்டாகப் பிளந்த பாக்கு. ஒருவருக்கொருவர் அத்தனை பொருத்தம் என்பது பொருள். இதை அப்படியே வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பாக்கு நமக்கு அந்நியமா? பெண் கேட்பதை மலாயில் மெமினாங் என்பார்கள், அந்தச் சொல்லுக்குள்ளேயே பாக்கு இருக்கிறது. நாமும் தாம்பூலம் மாற்றித்தான் நிச்சயம் செய்கிறோம். நான் வளர்ந்த ஊரின் பெயரே பாக்கிலிருந்து வந்த பினாங்கு.

ஆனால் ‘பிளந்த பாக்கு’ என்று எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்தால் காதில் விழுவது பாக்கு அல்ல, பிளவு. கல்யாணத்தன்று வெட்டு, பிளவு, பிரிவு என்ற சொற்களை நாம் வாயால் சொல்வதில்லை. மலாய்ப் படிமத்தில் கத்தி விழுகிற கணம் முக்கியமே இல்லை, விழுந்த பிறகு இரண்டு துண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிற கணம்தான் முக்கியம். என் அப்பத்தா பாக்குவெட்டியால் கொட்டைப்பாக்கை நடுவில் நறுக்கித் தட்டில் போடுவார். உள்முகம் இரண்டும் மேலே பார்த்துக் கிடக்கும். வெள்ளையும் பழுப்புமாக ஆற்றுக் கிளைகள் போல ஓடும் வரிகள், ஒன்றில் வலப்பக்கம் வளைந்தால் மற்றதில் இடப்பக்கம் வளையும். சேர்த்து மூடினால் கீறலே தெரியாது. அந்த வரிகள்தான் உவமை.

அதனால் இங்கே பொருளை மாற்றவில்லை, வினையை மாற்றினேன். ‘பாக்கின் பாதி ரெண்டும் சேர’ என்று எழுதினேன். மலாய் பிளப்பதிலிருந்து பார்க்கிறது, தமிழ் சேர்ப்பதிலிருந்து பார்க்கிறது. பாக்கு அங்கேயே இருக்கிறது, அந்த மண்டபத்தின் தட்டுகளிலும் இருந்தது. நகமும் சதையும், பூவும் வாசமும் என்று நம்மிடம் தயாராக நிறைய உண்டு, அவற்றைத் தொடாததற்குக் காரணம் அவை பிரிக்க முடியாமையைச் சொல்கின்றன, ஒத்த சாயலைச் சொல்லவில்லை என்பதுதான். கைக்கு எளிதில் கிடைப்பதைப் போட்டுவிட்டால் பொருள் கொஞ்சம் நகர்ந்துவிடும், யாரும் கவனிக்கமாட்டார்கள், அபாங் எழுதியதில் ஒரு வரி மட்டும் காணாமல் போயிருக்கும்.

தொடாமல் விட்டவை

எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மலாயில் மனம் உடைவதற்கு ‘பாத்தா ஹாத்தி’ என்பார்கள். பாத்தா என்பது கண்ணாடி நொறுங்குவது அல்ல, குச்சி ஒடிவது. தமிழிலும் ‘மனசு ஒடிஞ்சு போச்சு’ என்கிறோமே, அதே ஒடிதல். அழகாக ஒன்றைக் கண்டால் அவர்களுக்குக் கண் குளிரும், ‘செஜோக் மாத்தா மெமண்டாங்’, நமக்கும் கண் குளிரும். வெயில் காயும் ஊர்க்காரர்கள் இரண்டு பேருக்கும் குளிர்ச்சிதான் சுகம். இந்த இடங்களில் நேர்மொழிபெயர்ப்பே போதும், அதைத் திருத்தப் போனால்தான் கெடும்.

பெண்ணின் புருவத்துக்கு அபாங் சொன்ன ‘செமூட் பெரீரிங்’, வரிசையாகப் போகும் எறும்புகள், அதையும் அப்படியே விட்டேன். நம் மரபில் புருவம் என்றால் வில் என்பது தெரியும். ஆனால் எறும்பு வரிசையின் மெலிவும் வளைவும் சொன்ன மாத்திரத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன, தமிழில் அதற்குக் கெட்ட பெயரும் இல்லை. இனிப்பு இருக்கிற இடத்துக்குத்தான் எறும்பு வரும் என்ற நினைப்பு வேறு துணைக்கு வருகிறது. புது விருந்தாளி, ஆனால் வீட்டுக்குள் வரலாம். கன்னத்துக்குச் சொன்ன ‘பாவோ டிலாயாங்’, சீவிய மாங்காய்த் துண்டு, அங்கேதான் தயங்கினேன். நம்மிடம் மாங்காய்க் கீற்று ஏற்கெனவே கண்ணுக்குப் போய்விட்டது. திருவாசகத்திலேயே ‘மாவடு வகிரன்ன கண்ணி’ வருகிறாள். ஒரே மாங்காய், அவர்கள் கன்னத்தில் வைத்தார்கள், நாம் கண்ணில் வைத்தோம். கீற்று என்ற சொல்லை விட்டுவிட்டு ‘மாம்பழக் கன்னம்’ என்று போட்டேன். மெலிந்து வளைந்த கன்னம் கொஞ்சம் உருண்டுவிட்டது, அந்த நஷ்டத்தை ஒத்துக்கொள்கிறேன்.

திருத்திய பாட்டை அபாங்கும் மாப்பிள்ளையின் தங்கையும் சேர்ந்து போனில் பதிவு செய்தார்கள். முதல் வருட நாளுக்கு மாப்பிள்ளை வீட்டில் போட்டுக் காட்டினோம். பாட்டி நாற்காலியை ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். பாக்கு வரிக்குத் தலையை ஆட்டினார். நிலா வரி வந்ததும் முகம் மலர்ந்தது, கை தன்னால் மேலே போய் ‘வா வா’ என்றது. பாட்டு முடிந்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“பிள்ளை நல்லாருக்கும்மா. ஆனா மணவறையில பாடுற பாட்டுல பிள்ளை அழலாமா? அழாமக் கேக்கட்டுமே.”

ஆந்தையை எடுத்தேன், அழுகையைப் பார்க்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன்: ‘நிலாக் கேட்ட சின்னப் பிள்ளை நான்.’ ‘டழுத’ இருந்த மூன்று அசைப்பில் ‘ட சின்னப்’ அமர்ந்துகொண்டது, மெட்டில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. அழுகை போனதால் ஏக்கம் கொஞ்சம் குறைந்துதான் விட்டது என்று அபாங்கிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பதில் பேசவில்லை. கித்தாரை எடுத்து அந்த வரிக்கு முன்னால் ஒரு தாளம் காலியாக விட்டு, ‘நிலா’வை மட்டும் மெதுவாக்கி வாசித்துக் காட்டினார். இப்போது அப்படித்தான் பாடுகிறார்கள்.